அந்த வரி எப்போது நுழைந்தது?

2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1g பதிப்பு வெளியானது. நம் உலாவிக்கும் இணையதளத்துக்கும் இடையே போகும் கடவுச்சொல், வங்கி விவரம் போன்றவற்றை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் நிரல் அது. அந்தப் பதிப்பில் அடைக்கப்பட்ட ஓட்டைக்கு ஹார்ட்பிளீட் என்று பெயர். ஓட்டை அடைபட்டாலும் தளங்களை நடத்துபவர்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. இது எப்போது உள்ளே வந்தது? எந்தப் பதிப்பிலிருந்து ஆபத்து?

இதற்கு விடை அந்த மென்பொருளின் வரலாற்றிலேயே இருக்கிறது. நிரல் எழுதுபவர்கள் தங்கள் கோப்புகளில் செய்யும் மாற்றங்களை கிட் என்ற கருவியில் பதிந்து வைக்கிறார்கள். ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். யார், எந்தத் தேதியில், எந்த வரியைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற பழைய திட்டத்தில் பல்லாயிரம் கமிட்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் ஒரு குறிப்பிட்ட சொல் எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று தோண்டி எடுக்க `git log` கட்டளையில் ஒரு வசதி உண்டு. அதை பிக்ஆக்ஸ் தேடல் என்பார்கள். கிட் பிறந்த 2005-லேயே ஜூனியோ ஹமானோ இதை எழுதிச் சேர்த்தார். இன்றுவரை கிட்டைப் பராமரித்து வருபவரும் அவர்தான்.

"இதற்கு `git blame` இருக்கிறதே" என்று நிரலாளர்கள் கேட்கலாம். ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று அது காட்டும். அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. 2015 ஜனவரியில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு தன் நிரல் முழுவதையும் ஒரே பாணியில் அடுக்கி எழுதியது. வரியின் தொடக்கத்தில் இருந்த இடைவெளி மட்டும் மாறினாலும், கடைசியாகத் தொட்ட கமிட் என்று `blame` அந்த அடுக்கல் வேலையைத்தான் காட்டும். அதைவிடப் பெரிய குறை, நீக்கப்பட்ட வரிக்கு `blame` கிடையாது என்பது. ஹார்ட்பிளீட் நேர்ந்த பகுதியே இன்றைய ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இல்லை. 2018-இல் வந்த 1.1.1 பதிப்போடு அது முழுவதுமாக எடுக்கப்பட்டுவிட்டது. இல்லாத வரியை யார் எழுதினார் என்று இன்றைய கோப்பிடம் கேட்க முடியாது.

ஓட்டை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கணினி மற்றதற்குச் சிறிய செய்தி ஒன்றை அனுப்பும். பெற்ற கணினி அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். செய்தியின் தலைப்பில், "என் நீளம் இவ்வளவு" என்று இரண்டு பைட்டுகளில் எழுதியிருக்கும். வந்தது ஒரு பைட்டுதான், ஆனால் தலைப்பு 64 கிலோபைட் என்கிறது என்றால்? ஓப்பன்எஸ்எஸ்எல் தலைப்பை நம்பியது. செய்திக்கு அப்பால் தன் நினைவகத்தில் இருந்ததையும் சேர்த்து அள்ளி அனுப்பியது. அப்படிப் போனதில் பிறரின் கடவுச்சொல்லும் இருக்கலாம், தளத்தின் ரகசியச் சாவியும் இருக்கலாம்.

அந்த நீளத்தை வாசிக்கும் வரி `n2s(p, payload);` என்பது. இருந்த கோப்பு `ssl/t1_lib.c`. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் முழு வரலாற்றையும் நம் கணினியில் இறக்கிக்கொண்டு, 1.0.1g வரை மட்டும் தேடச் சொல்வோம்:

```
git log -S'n2s(p, payload);' --oneline OpenSSL_1_0_1g -- ssl/t1_lib.c
```

`-S` என்பதை ஒட்டி வருவது தேட வேண்டிய எழுத்துத் தொடர். அடுத்து வருவது எந்தப் பதிப்பிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும் என்பது. கடைசியில் இருப்பது கோப்பின் பெயர். கோப்பைக் குறிப்பிட்டால் தேடல் வேகமாகும். இல்லையென்றால் ஒவ்வொரு கமிட்டிலும் மாறிய எல்லாக் கோப்புகளையும் கிட் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பெரிய திட்டங்களில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம்.

விடையாக வருவது ஒரே ஒரு கமிட். `--oneline` என்பதற்குப் பதிலாக `-p` கொடுத்தால் அதன் தேதியும் முழு மாற்றமும் தெரியும். 2011 டிசம்பர் 31 அன்று, இதயத்துடிப்புச் செய்தி என்ற புதிய வசதியைச் சேர்த்த கமிட் அது. அந்த வசதியோடு 1.0.1 வெளியானது 2012 மார்ச்சில். ஆகவே 1.0.1 முதல் 1.0.1f வரை எல்லாம் ஆபத்தானவை. அதற்கு முந்தைய 1.0.0 வரிசையில் இந்த வசதியே இல்லாததால் அதற்குப் பாதிப்பு இல்லை. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் இந்த விடையில் ஏதோ குறைகிறது. ஓட்டையை அடைத்த கமிட் எங்கே? 1.0.1g-யில்தானே தேடினோம், திருத்தம் அதற்குள் இருந்தாக வேண்டுமே? இந்த விடையை மட்டும் நம்பினால், 2011-க்குப் பிறகு அந்த வரியை யாரும் தொடவில்லை என்று எழுதிவிடுவோம். அது தவறு.

காரணம் `-S` வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரு கமிட்டுக்கு முன்பு அந்தக் கோப்பில் இந்தத் தொடர் எத்தனை முறை இருந்தது, பின்பு எத்தனை முறை இருக்கிறது என்று அது எண்ணுகிறது. இரண்டு எண்களும் வேறாக இருந்தால்தான் கமிட்டைக் காட்டும். கடைக்காரர் காலையிலும் இரவிலும் கல்லாவை எண்ணுவது போல இது. நடுவில் ஒரு நோட்டை எடுத்து வேறு அறையில் வைத்தாலும் இருப்பு மாறாது, கணக்கிலும் ஏறாது. 2014 திருத்தத்தில் நடந்தது இதுதான். அந்த வரியை மேலிருந்து எடுத்துச் சில வரிகளுக்குக் கீழே வைத்தார்கள், அதன் பக்கத்தில் நீளத்தைச் சரிபார்க்கும் வரிகளைச் சேர்த்தார்கள். முன்பும் ஒன்று, பின்பும் ஒன்று. `-S`-இன் கணக்கில் எதுவும் மாறவில்லை.

இடம் மாறியதையும் பார்க்க வேண்டுமென்றால் `-G` வேண்டும். 2011-இல் வந்த 1.7.4 பதிப்பில் இது கிட்டில் சேர்ந்தது. சேர்க்கப்பட்ட, நீக்கப்பட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றில் ஒன்றிலாவது தேடும் வடிவம் இருந்தால் அந்த கமிட்டைக் காட்டும். எண்ணிக்கையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

```
git log -G'n2s\(p, payload\)' --oneline OpenSSL_1_0_1g -- ssl/t1_lib.c
```

இப்போது இரண்டு கமிட்கள் வருகின்றன. பழையது 2011-இல் வந்தது. புதியது `96db9023` என்று தொடங்கும், 2014 ஏப்ரலில் செய்த திருத்தம். அதன் சாரத்தை மட்டும் எடுத்தால் இப்படி:

```
-	n2s(p, payload);
 	if (s->msg_callback)
+	n2s(p, payload);
+	if (1 + 2 + payload + 16 > s->s3->rrec.length)
+		return 0;
```

கழித்தல் குறி போட்டது நீக்கப்பட்ட வரி, கூட்டல் குறி போட்டவை சேர்க்கப்பட்டவை. கணக்கு எளிது. செய்தியின் வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2, சொன்ன அளவுக்கு உள்ளடக்கம், கட்டாய நிரப்புக்குக் குறைந்தது 16. இவற்றின் கூட்டுத்தொகை உண்மையில் வந்ததைவிட அதிகமாக இருந்தால், பதில் சொல்லாமல் செய்தியைத் தூக்கி எறி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லாமல் போனது இந்தச் சோதனைதான்.

இரண்டாவது கட்டளையில் அடைப்புக்குறிகளுக்கு முன் சாய்கோடு போட்டிருப்பதைக் கவனியுங்கள். `-S` கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும். `-G` அதை ஒரு தேடல் வடிவமாக எடுத்துக்கொள்ளும். வடிவத்தில் அடைப்புக்குறிக்குத் தனிப் பொருள் உண்டு. சாய்கோடு இல்லாமல் `n2s(p, payload)` என்று கொடுத்தால், `n2sp, payload` என்ற தொடரைத்தான் அது தேடும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடையும் வராது. வரலாற்றில் அப்படி ஒன்றும் இல்லை என்று நாம் நம்பிவிடுவோம்.

அப்படியென்றால் எப்போதும் `-G` போதுமே என்று தோன்றும். முன்பு சொன்ன 2015-இன் அடுக்கல் வேலையை நினைத்துப் பாருங்கள். அதைக் கடந்து வரும் வரலாற்றில் `-G` தேடினால், இடைவெளி மட்டும் மாறிய அந்த கமிட்டையும் விடையில் கொண்டுவந்து சேர்க்கும். `-S` அதை அமைதியாகத் தாண்டிவிடும், ஏனென்றால் தொடரின் எண்ணிக்கை மாறவில்லை. பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டும் போதுமென்றால் `-S`. நடுவில் யார் யார் கை வைத்தார்கள் என்றும் தெரிய வேண்டுமென்றால் `-G`.

விடை தவறாகப் போகும் இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. நேரம் மிச்சப்படுத்த, முழு வரலாற்றையும் இறக்காமல் கடைசிச் சில கமிட்களை மட்டும் இறக்குபவர்கள் பலர். அப்படிப்பட்ட நகலில் மிகப் பழையதாக நிற்கும் கமிட்டுக்கு முந்தையது எதுவும் இருக்காது. அதனால் கோப்புகளில் இருக்கும் எல்லா வரியையும் அந்த கமிட்டே சேர்த்ததாக கிட் கருதும். பத்தாண்டுப் பழைய வரிக்குப் போன வாரத் தேதி கிடைக்கும். விடையாக வரும் கமிட் உலகத்தையே சேர்த்தது போலத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். `git rev-parse --is-shallow-repository` என்று கேட்டுப் பாருங்கள். `true` என்று வந்தால் `git fetch --unshallow` கொடுத்து மீதியை இறக்கிய பிறகே தேட வேண்டும்.

மற்றது, இரண்டு கிளைகளை இணைக்கும் கமிட்கள். வழக்கமாக இவற்றின் மாற்றங்களை `git log` ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இணைக்கும்போது முரண்பாட்டைத் தீர்க்க ஒருவர் கையால் ஒரு வரியை எடுத்திருந்தால், பிக்ஆக்ஸ் கண்ணில் அது படாது. வரி இப்போது இல்லை, எடுத்த கமிட்டும் வரவில்லை என்றால் கட்டளையோடு `-m` சேர்த்து மறுபடி தேடுங்கள். இணைப்புகளையும் அது பார்க்கும், விடையில் கொஞ்சம் இரைச்சல் கூடும்.

பிக்ஆக்ஸ் வரலாற்றை வாசிக்க மட்டுமே செய்கிறது, எதையும் மாற்றாது. ஆகவே தயங்காமல் தேடலாம். ஆனால் விடை எதுவும் வரவில்லை என்பதையே விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். `-S` கேட்டது `-G`-இல் வருகிறதா, தேடல் வடிவத்தில் குறிகள் சரியா, நகல் முழுமையானதா, இணைப்புகளையும் பார்த்தாயிற்றா என்று நான்கையும் சரிபார்த்த பிறகே அந்த வரியை யாரும் தொடவில்லை என்று எழுதுங்கள்.