சுழலும் மோதிரம், சுழலாத வெளிச்சம்

நகைக்கடைகளின் இணையதளங்களில் மோதிரம் மெல்லச் சுழலும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல கேமராவில் எடுத்தவை அல்ல. மோதிரத்தைக் கணினியில் முப்பரிமாண உருவமாக வடித்து, அதன்மேல் கணினிக்குள்ளேயே விளக்கு பாய்ச்சி, ஒவ்வொரு ஃபிரேமாகக் கணக்கிட்டு உருவாக்கியவை. இப்படிக் கணக்கிட்டுப் படமாக்குவதை ரெண்டர் என்கிறார்கள். இதில் கணினியை அதிகம் திணறடிப்பது தங்கமும் அல்ல, வைரமும் அல்ல. அவற்றில் பட்டுத் திரும்பித் தரையில் விழும் வெளிச்சம்தான்.

வெயில் படும் ஜன்னலோரம் எவர்சில்வர் டம்ளரில் காபி வைத்தால், காபியின் மேற்பரப்பில் இரண்டு வில்கள் கூடி நடுவில் கூர்முனையாகும் ஒரு பளிச்சென்ற கோடு தெரியும். டம்ளரின் உட்சுவர் குழியாடியாக வேலை செய்து வெளிச்சத்தை அங்கே குவிக்கிறது. துறைக்காரர்கள் இதைக் காஸ்டிக் என்பார்கள். மேசையில் கிடத்திய தங்க மோதிரத்தின் உள்ளேயும் இதே கோடுதான் பொன்னிறத்தில் விழுகிறது. அது இல்லாவிட்டால் மோதிரம் தரையில் கிடப்பதாகவே தோன்றாது. வெட்டி ஒட்டியதுபோல இருக்கும்.

நேர்மையாகக் கணக்கிட்டால் ஏன் இவ்வளவு நேரமாகிறது? பிளெண்டர் மென்பொருளின் Cycles, ஒளிக்கதிரை விளக்கிலிருந்து தொடங்காமல் கேமராவிலிருந்து பின்னோக்கித் தேடுகிறது. தரையில் ஒரு புள்ளியைத் தொட்டதும் அங்கிருந்து கதிர்களை எல்லாத் திசையிலும் குத்துமதிப்பாக அனுப்புகிறது. அவற்றில் சில மட்டுமே மோதிரத்தின் உட்புறத்தில் படும். அந்தச் சிலவற்றிலும் மிகச் சில மட்டுமே திரும்பிப்போய் விளக்கைத் தொடும். விளக்கு சிறிதாகச் சிறிதாக வாய்ப்பும் குறையும். தப்பித்தவறித் தொட்டுவிட்ட கதிர் அளவுக்கு மீறிய வெளிச்சத்தோடு வந்து ஒரு வெள்ளைப் பொட்டாக நிற்கும். தனிப் படத்தில் அதைத் துடைத்துவிடலாம். வீடியோவில் பொட்டுகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறுவதால் தரை கொதிப்பதுபோல் தெரியும். 2022-இல் பிளெண்டர் 3.2-உடன் வந்த Shadow Caustics வசதி வழவழப்பான கண்ணாடியை ஊடுருவி வரும் ஒளிக்கு மட்டுமே உதவும். தங்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு அதனால் பயனில்லை.

எனவே போலி செய்தாக வேண்டும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வெளிச்சம் எதோடு சேர்ந்து நகர்கிறது? மோதிரத்தோடா, விளக்கோடா? இதில் தவறினால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பொய் வெளுத்துவிடும்.

ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 17 மி.மீ., பட்டையின் உயரம் 4 மி.மீ. வெளிப்பக்கத்தில் 3 மி.மீ. வைரம் ஒன்று பட்டைக்குள் அமுக்கிப் பதித்திருக்கிறது. மோதிரம் தரையில் படுத்த நிலையில் தன் மையத்தைச் சுற்றுகிறது. கேமராவும் விளக்குகளும் அசைவதில்லை. 1-ஆம் ஃபிரேமில் 0 பாகை, 121-ஆம் ஃபிரேமில் 360 பாகை, நகர்வு Linear. ரெண்டர் செய்வது 120 ஃபிரேம்கள் மட்டும். 121-ஐயும் சேர்த்தால் முதல் ஃபிரேமே மறுபடி வந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் தெரியும்.

விளக்குகள் இரண்டு வகை வேண்டும். தங்கம் தன்னைச் சுற்றியிருப்பதையே காட்டும் என்பதால், அதற்கு அகன்ற, ஓரம் மங்கும் ஒளிப்பலகையும் விளிம்பைப் பிரித்துக்காட்டப் பக்கத்தில் ஒரு கறுப்பு அட்டையும் தேவை. ஆனால் அகன்ற விளக்கால் காஸ்டிக் உருவாகாது. கோடு கலைந்து வெறும் மங்கலாகிவிடும். அதனால் இடப்பக்கம் 40 பாகை உயரத்தில், தள்ளி, சிறிய கூர்மையான விளக்கு ஒன்று. காஸ்டிக்கும் அழுத்தமான நிழலும் வைரத்தின் மினுக்கமும் இதன் பொறுப்பு.

இப்போது தங்கக் கோடு. வேலைப்பாடு இல்லாத பட்டையை எவ்வளவு சுற்றினாலும் அதன் உட்சுவர் விளக்குக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே மோதிரம் சுழல, கோடு அசையாமல் நிற்கும். விளக்குக்கு எதிர்ப்புறத்தில், மையத்திலிருந்து ஆரத்தின் பாதி தூரத்தில், அதாவது 4.25 மி.மீ. தள்ளி அதன் கூர்முனை இருக்கும். விளக்கை 60 பாகைக்கு உயர்த்தினால் ஒளி அந்த இடத்தை எட்டும் முன்பே தரையில் விழுந்துவிடும். கூர்முனை போய், சுவரோரம் ஒரு பிறை மட்டும் மிஞ்சும்.

அசையாத கோட்டை 120 முறை கணக்கிட வேண்டியதில்லை. ஒரே முறை போதும். சுற்றுப்புற வெளிச்சத்தையும் ஒளிப்பலகையையும் அணைத்துவிட்டு, தரையை வெள்ளையாக்கி, நேர் மேலிருந்து Orthographic கேமரா வைக்கவும். மோதிரம் கேமராவுக்கு மட்டும் தெரியாதபடி Ray Visibility-யில் Camera-வை நீக்கவும். Filter Glossy, Clamp Indirect இரண்டையும் 0 ஆக்கி, சாம்பிள்களைத் தாராளமாகக் கொடுத்து, Reflective Caustics இருக்கும்போது ஒரு படமும் இல்லாதபோது ஒரு படமும் OpenEXR-இல் எடுக்கவும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் காஸ்டிக் மட்டும் தனியே கிடைக்கும். கழித்ததில் 0-க்குக் கீழே போனவற்றை 0 ஆக்கிவிடலாம்.

இந்தப் படத்தைத் தரையின் நிறத்தோடு பெருக்கித் தரையின் Emission-இல் கொடுக்க வேண்டும். சாயம்போல Base Color-இல் ஒட்டினால் கோடு நிழலுக்குள் கறுத்துவிடும். காஸ்டிக் என்பது கூடுதல் வெளிச்சம், அதைக் கூட்டத்தான் வேண்டும். படம் ஒட்டியிருப்பது தரையில், மோதிரத்தில் அல்ல. இறுதி ரெண்டரில் Reflective Caustics-ஐ அணைக்க மறந்தால் ஒரே வெளிச்சம் இரண்டு முறை சேர்ந்து கோடு வெளுத்துப்போகும்.

வைரத்தின் கணக்கு வேறு. அதன் மேல்பட்டை இந்த மோதிரத்தில் செங்குத்தாக நிற்கும் குட்டிக் கண்ணாடி. நேராகப் படும் ஒளியில் சுமார் 17 விழுக்காட்டை அது திருப்பி அனுப்பும். கண்ணாடியைத் திருப்பினால் அதில் பட்டுத் திரும்பும் கதிர் இரு மடங்கு திரும்பும் என்பது பள்ளிப் பாடம். மோதிரம் ஃபிரேமுக்கு 3 பாகை திரும்பினால், வைரத்திலிருந்து தரையில் விழும் பொட்டின் திசை 6 பாகை திரும்ப வேண்டும். மோதிரத்தோடு பொட்டைச் சும்மா ஒட்டிவைத்தால் அது பாதி வேகத்தில் ஊர்ந்து, ஸ்டிக்கர்போல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு எளிய வழி உண்டு. வைரத்தின் மேல்பட்டை இருக்கும் இடத்தில் ஓர் Empty வைத்து, அதை மோதிரத்தின் பிள்ளையாக்குங்கள். மோதிரத்தின் சுழற்சி அளவையே `ring_z` என்ற பெயரில் அதன் Z சுழற்சிக்கும் டிரைவராகக் கொடுங்கள். தாயின் சுழற்சியும் தன் சுழற்சியும் கூடி இரு மடங்காகும். பொட்டு இந்த Empty-யின் பிள்ளை. தரையோடு படிந்து, பட்டையிலிருந்து சுமார் 2.4 மி.மீ. தள்ளி விழும். வைரம் விளக்கை நேராகப் பார்க்கும் நிலையை 0 பாகையாக வைத்துக்கொண்டால், பொட்டின் அகலத்துக்கான டிரைவர் இது:

```
max(0, cos(ring_z))
```

வைரம் விளக்கைவிட்டுத் திரும்பத் திரும்பப் பொட்டு ஒடுங்கி, 90 பாகையில் மறையும். மற்றப் பட்டைகள் சிதறும் சிறு வண்ணப் பொட்டுகளுக்கு இதே Empty-யில் நாலைந்தைச் சேர்த்து, அவ்வப்போது தோன்றி மறைய விட்டால் போதும். அவற்றின் சரியான இடத்தை யாராலும் கண்ணால் சரிபார்க்க முடியாது. வேகம் தவறினால் மட்டும் உடனே தெரியும்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. வைரத்தின் பின்னால் பட்டையில் துளை விட்டிருந்தால், அந்த இடைவெளி சுற்றுக்கு ஒருமுறை தங்கக் கோட்டைக் கடந்துபோகும். அந்தச் சில ஃபிரேம்களுக்கு மட்டும் காஸ்டிக்கைத் தனியே எடுத்துச் சேர்க்க வேண்டும். உட்புறம் வேலைப்பாடு இருந்தாலோ, மோதிரம் சாய்ந்தபடி சுழன்றாலோ கோடு ஒவ்வொரு ஃபிரேமிலும் உருமாறும். அப்போது மோதிரத்துக்குள் தெரியும் சிறு தரைப்பகுதியை மட்டும், குறைந்த அளவில், 120 ஃபிரேமுக்கும் எடுத்து வரிசையாகப் பயன்படுத்தலாம். காஸ்டிக் படம் சற்று மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. முழுக் காட்சியையும் நேர்மையாகக் கணக்கிடுவதைவிட அதுவும் எவ்வளவோ மலிவு.