பயணநிரல்: சிதறிய சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கும் நெறி

பயணநிரல் என்பது பதிவுச் சீட்டுகளின் தொகுப்பன்று. வீட்டைவிட்டுப் புறப்படும் பொழுது தொடங்கி மீளும் பொழுது வரையில், ஒருவர் எவ்வேளையில் எவ்விடத்தில் இருப்பார் என்பதை இடையறவின்றிச் சொல்லும் வரிசையே பயணநிரல். சீட்டு ஒவ்வொன்றும் தன் பகுதியை மட்டும் அறியும். வானூர்திச் சீட்டுக்கு விடுதி தெரியாது, விடுதிச் சீட்டுக்குத் தொடர்வண்டி தெரியாது. புலம்பெயர்ந்த தீவகக் குடும்பமொன்று இலண்டனிலிருந்து ஊருக்கு வரும்போது, அதன் பதிவுகள் நாலைந்து மின்னஞ்சல்களிலும் ஒரு முகவரின் தாளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓர் ஒழுங்கில் நிறுத்தும் முறையை இங்கு காண்போம்.

நிரலில் இடம்பெறுவன மூவகைப்படும். முதலாவது நகர்வு, புறப்படும் இடமும் நேரமும், சேரும் இடமும் நேரமும் ஆகிய நான்கும் இதற்கு உண்டு. இரண்டாவது தங்கல், இதன் அளவு மணியன்று, இரவு. மூன்றாவது கடவை; பதிவெண் ஏதுமின்றி, நேரில் சென்று ஏறவேண்டிய படகும் பேருந்தும் இதில் அடங்கும். முதலிரண்டும் தாமாகவே மின்னஞ்சலில் வந்து சேரும். மூன்றாவதை நாமே நினைந்து எழுதவேண்டும்; எழுதாவிடின் அது நிரலில் இராது.

நகர்வுக்குரிய உறுதிக் குறியீட்டை முதலில் கருதுவோம். வானூர்திப் பதிவின் குறியீடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு உருக்களால் ஆனது. பயணச்சீட்டு எண்ணோ பதின்மூன்று இலக்கங்கள் கொண்டது. முகவர் தம் கணக்குக்கென இடும் எண் இவ்விரண்டினும் வேறானது; அதை வானூர்தி நிறுவனத்தின் தளத்தில் இட்டால் பதிவு கிட்டாது. ஆகையால் எந்த எண் எவருடையது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். குறியீட்டைக் கண்ணால் பார்த்து எழுதினால் O என்னும் எழுத்தும் 0 என்னும் சுழியமும் மயங்கும். படியெடுத்து ஒட்டுவதே பிழையற்றது. பெயரும் அவ்வாறே. குடும்பப்பெயர் இல்லாத நம்மவர்க்கு, அவ்விடத்தில் தந்தை பெயர் அமர்கிறது. வானூர்திச் சீட்டு தந்தை பெயரிலும் விடுதிப் பதிவு தம் பெயரிலும் இருக்கக்கூடும். எந்தப் பதிவு எந்தப் பெயரில் உள்ளது என்பதை நிரல் காட்டவேண்டும்.

அடுத்தது நேரம். சீட்டில் அச்சிட்ட நேரம் அந்தந்த இடத்து நேரமாகும். கோடையில் இலண்டன் மணி இலங்கை மணிக்கு நாலரை மணி நேரம் பின்னிற்கும், குளிர்காலத்தில் ஐந்தரை. யூலை 3 இரவு 20:30க்கு இலண்டனில் புறப்பட்டு, யூலை 4 பகல் 11:45க்குக் கட்டுநாயக்கா சேர்வதாக ஒரு சீட்டு உள்ளதெனக் கொள்வோம். இரண்டு நேரங்களுக்கும் இடையே பதினைந்தேகால் மணி நேரம் உள்ளது. நாலரையைக் கழித்தால் பத்தேமுக்கால் எஞ்சும். நேரடிப் பறப்புக்கு அது பொருந்தும் அளவு. கழித்து வருவது ஆறாகவோ முப்பதாகவோ இருந்தால், நாளையோ நேரத்தையோ பிழையாக எழுதியுள்ளோம் என்று தெளியலாம். பலாலியிலிருந்து சென்னை செல்லும் பறப்புக்கு இந்தக் கழித்தல் வேண்டா; 2006 முதல் இலங்கையும் இந்தியாவும் ஒரே மணியில் இயங்குகின்றன.

தங்கலுக்கு உரிய சோதனை, இரவுகளைப் பெயர் சொல்லி அழைப்பது. நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் யூலை 4 இரவு நீர்கொழும்பில் தங்குகிறது; 5 இரவு கொழும்புக் கோட்டையில் தொடர்வண்டி ஏறி, 6 விடியற்காலை 5:00 மணிக்கு யாழ்ப்பாணம் சேர்கிறது; 9ஆம் நாள் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கிறது. தொடர்வண்டிச் சீட்டில் 5 என்றிருப்பதைக் கண்டு, யாழ்ப்பாண விடுதியையும் 5 முதல் 8 வரை மூன்று இரவுக்குப் பதிந்துவிட்டார்கள். மொத்தம் எண்ணினால் குறை தெரியாது: வானூர்தியில் ஒன்று, நீர்கொழும்பில் ஒன்று, தொடர்வண்டியில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் மூன்று, ஆறு இரவுக்கு ஆறும் சரி. ஒவ்வோர் இரவாக அழைத்தால்தான் 5ஆம் இரவுக்கு இரண்டு படுக்கைகளும் 8ஆம் இரவுக்கு ஒன்றுமில்லாமையும் வெளிப்படும்.

திருத்த வழி இரண்டு. 6 முதல் 9 வரை எனப் பதிவை மாற்றலாம். ஆனால் அறை பெரும்பாலும் பிற்பகல் 14:00க்கே கிடைக்குமாதலால், விடியலில் இறங்கியவர்கள் ஒன்பது மணி நேரம் பெட்டிகளோடு காத்திருக்க நேரும். அல்லது 5ஆம் இரவையும் விலைகொடுத்து வைத்துக்கொண்டு, 9 வரை நீட்டலாம். அப்போது 6 விடியற்காலைதான் வருவோம் என்று விடுதிக்கு முன்கூட்டியே எழுதவேண்டும். எழுதாவிடின், வராதவர் என எண்ணி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

இனிக் கடவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு புறப்படுவது புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி கடந்து, வேலணை வழியே, வாணர் தாம்போதி தாண்டி அங்கு செல்லப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நயினாதீவுக் கடவை குறுகியது. படகுகளும் பகல் முழுதும் அடுத்தடுத்து உண்டு. நெடுந்தீவுக்கோ கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நாளொன்றுக்குச் சில படகுகளே. யூலையில் தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும். கடல் கொந்தளித்தால் ஓட்டம் நிற்கும்.

ஆகவே தீவு நாளைப் படகிலிருந்து பின்னோக்கிக் கணிக்கவேண்டும். காலைப் படகு 8:00 மணிக்கென்றால், 7:30க்கு இறங்குதுறையில் நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் 6:00 மணிப் பேருந்தைப் பிடிக்கவேண்டும். நெடுந்தீவை 8ஆம் நாளில் வைத்தால், மாலைப் படகு நின்றுபோகும்போது மறுநாள் வானூர்தியும் கைவிட்டுப் போகும். அதை 7இல் வைத்து, நயினாதீவு நாகபூசணி அம்மன் வழிபாட்டை 8க்குத் தள்ளினால், தவறிய படகுக்கும் வானூர்திக்கும் நடுவே ஒரு நாள் காப்பாக நிற்கும். 7 காலையிலேயே கடல் சீறினால் அன்று ஊர்காவற்றுறையைத் தரைவழியே காணலாம். அதற்குப் படகு வேண்டா.

இவ்வாறு அடுக்கியபின் ஒரு நாளின் பக்கம் இப்படி அமையும்:

யூலை 7 — நெடுந்தீவு
6:00 யாழ்ப்பாணம், பேருந்து (பதிவில்லை)
7:30 குறிகட்டுவான் இறங்குதுறை
8:00 படகு (பதிவில்லை, முதல்நாள் மாலை கேட்டறிக)
மீள்படகு: ______
இரவு: யாழ்ப்பாண விடுதி, பதிவெண், பெயர், தொலைபேசி
இறுதியாகச் சரிபார்த்தது: யூலை 6 மாலை

மீள்படகின் இடத்தை வெறுமையாக விட்டது மறதியன்று. நெடுந்தீவில் இறங்கியவுடன், ஊருக்குள் நடக்கும் முன், படகோட்டியிடம் கேட்டு அங்கேயே கையால் நிரப்பவேண்டிய இடம் அது. ஆகையால் இப்பக்கத்தைக் கைபேசியில் மட்டும் வைத்திராமல் தாளிலும் எடுத்துச் செல்க. கூடவே ஓர் எழுதுகோலும் செல்க.