சம்பளத் தேதிக்கு ஏற்ற தவணைத் தேதி: விண்ணப்பத்தைச் செம்மைப்படுத்தும் முறை

கடன் தவணையோ கிரெடிட் கார்டு பாக்கியோ கட்டவேண்டிய தேதி, சம்பளம் கணக்கில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டால் அந்தத் தேதியை மாற்றித் தரும்படி வங்கிக்கு விண்ணப்பிக்கலாம். கேட்பது சிறிய மாற்றம்தான். ஆனால் விண்ணப்பம் எழுதப்படும் விதத்தால், கேட்டது ஒன்றாகவும் வங்கி புரிந்துகொண்டது வேறொன்றாகவும் ஆகிவிடுவதுண்டு. நல்ல காரணமும் ஒழுங்கான கணக்கும் உள்ள வாடிக்கையாளர்கூட இதனால் மறுப்பைச் சந்திக்க நேர்கிறது. கடிதத்தில் எதை வைக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்பது தெரிந்தால் இதைத் தவிர்க்கலாம்.

திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் வாங்கிய தனிநபர் கடனில் அசல் 2,40,000 ரூபாய் பாக்கி. வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம். மாதத் தவணை 8,203 ரூபாய். இன்னும் 36 தவணைகள் இருக்கின்றன. கடன் வாங்கியபோது சம்பளம் 1-ஆம் தேதி வந்துகொண்டிருந்ததால், தவணைக்கு 3-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார். பிறகு நிறுவனம் சம்பள நாளை 7-ஆம் தேதிக்கு மாற்றிவிட்டது. தவணையோ நாச் எனப்படும் தானியங்கி முறையில் 3-ஆம் தேதியே கணக்கைத் தட்டுகிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் விடுமுறை நாட்களிலும் இயங்குவதால், ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு நாள் கிடைக்கும் என்ற பழைய சலுகையும் இல்லை.

கணக்கில் பணம் குறைந்தால் தவணை திரும்பிவிடும். அதற்குக் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார். சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கி தனியாக ஒரு கட்டணம் போடும். ஒவ்வொன்றும் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜிஎஸ்டியுடன் ஒரே பவுன்ஸுக்கு 1,180 ரூபாய் போய்விடுகிறது. தாமதத்துக்கான அபராதம் இதற்கு மேல். பணம் நான்கு நாளில் வரத்தான் போகிறது என்னும்போது இது முற்றிலும் வீண் செலவு.

அவர் முதலில் எழுதிய கடிதம் இப்படி இருந்தது என்று கொள்வோம்: "ஐயா, எனக்குச் சம்பளம் லேட்டாக வருகிறது. குடும்பச் செலவும் அதிகம். ஒவ்வொரு மாதமும் தவணை கட்ட மிகவும் கஷ்டப்படுகிறேன். போன மாதம் பவுன்ஸ் ஆகிவிட்டது. தயவுசெய்து என் இஎம்ஐயைத் தள்ளிவைத்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. இருந்தும் இது தவறான மேசைக்குப் போகக்கூடிய கடிதம். முதல் சிக்கல், "தள்ளிவைத்து" என்ற சொல். இந்த மாதத் தவணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளச் சொல்கிறாரா, சில மாதங்கள் கட்டாமல் இருக்க அவகாசம் கேட்கிறாரா, அல்லது இனி எல்லா மாதமும் தேதியை மாற்றச் சொல்கிறாரா? அதிகாரி மூன்றாகவும் படிக்கலாம். மூன்றுக்கும் நடைமுறை வேறு, ஒப்புதல் தருபவரும் வேறு.

இதைவிடப் பெரிய சிக்கல், கஷ்டம் என்ற காரணம். கடனாளியின் நிதி நெருக்கடியைக் காரணமாக வைத்து, வங்கி வழக்கமாகத் தராத சலுகையைத் தந்தால், அதை மறுசீரமைப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் வகைப்படுத்துகின்றன. அப்படி வகைப்படுத்தப்பட்ட கடன், கடன் தகவல் அறிக்கையிலும் அந்த அடையாளத்தோடு பதிவாகலாம். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது இடைஞ்சலாக வந்து நிற்கும். நம் சூப்பர்வைசருக்குக் கட்டும் சக்தி குறையவில்லை. பணம் வரும் நாள்தான் மாறியிருக்கிறது. கடிதம் அதை மட்டும் சொல்ல வேண்டும். குடும்பச் செலவு பற்றிய வரி இரக்கத்துக்காக எழுதப்பட்டது. ஆனால் படிக்கும் அதிகாரிக்கு அது, இவர் இனி கட்டுவாரா என்ற சந்தேகத்தைத்தான் தரும். உண்மையிலேயே வருமானம் குறைந்து தவணை கட்ட முடியாத நிலையில் இருப்பவர் அதை மறைக்கக் கூடாது. அவருக்குத் தேவைப்படுவது தேதி மாற்றம் அல்ல, வேறு தீர்வு.

பவுன்ஸ் ஆனதைச் சொல்லலாமா என்று பலர் தயங்குவார்கள். சொல்லத்தான் வேண்டும். அது ஏற்கெனவே வங்கியின் பதிவில் இருக்கிறது. மறைத்தால் கடிதத்தின் மீதே நம்பிக்கை போகும். சொல்லும் முறைதான் முக்கியம். தவணை 3-ஆம் தேதி திரும்பியது, 7-ஆம் தேதி சம்பளம் ஏறிய அன்றே அவர் அதைக் கட்டிவிட்டார் என்றால், இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அப்போது அந்த பவுன்ஸே அவருடைய கோரிக்கைக்குச் சான்றாகிவிடும்.

அடுத்தது, எந்தத் தேதியைக் கேட்பது. சம்பளம் 7-ஆம் தேதி என்பதால் 8-ஆம் தேதியைக் கேட்கத் தோன்றும். அது நெருக்கமான தேதி. 7-ஆம் தேதி ஞாயிறாக வந்து, நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மறுநாள்தான் பணத்தை அனுப்பினால் பழைய கதைதான். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு 10-ஆம் தேதியைக் கேட்பது பாதுகாப்பு. பல கடன் நிறுவனங்கள் மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளை மட்டுமே தவணைத் தேதியாக வைத்திருக்கும். எனவே அவை எவை என்று முன்கூட்டியே வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டுக்கொண்டு, அவற்றில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும்.

தேதி மாறினால் வட்டியும் கொஞ்சம் கூடும் என்பதைப் பெரும்பாலான விண்ணப்பங்கள் பேசுவதே இல்லை. 3-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதிக்குப் போகும்போது முதல் முறை ஏழு நாள் கூடுதலாகக் கடன் ஓடுகிறது. 2,40,000 ரூபாய்க்கு 14 சதவீதத்தில் ஏழு நாள் வட்டி சுமார் 644 ரூபாய். இது ஒரே ஒரு முறை வரும் செலவு. இரண்டு கட்டணங்களோடு வரும் ஒரு பவுன்ஸைவிடக் குறைவு. இந்த இடைக்கால வட்டியைத் தனியாகச் செலுத்தச் சம்மதம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால், அதிகாரி மறுபடி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இத்தனையும் சேர்த்துத் திருத்திய கடிதம் இப்படி அமையும்:

"பொருள்: தனிநபர் கடன் கணக்கு எண் …… மாதத் தவணைத் தேதியை 3-இலிருந்து 10-க்கு நிரந்தரமாக மாற்றக் கோருதல்.

ஐயா,

மேற்கண்ட கடனுக்கு 8,203 ரூபாய் தவணை ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதி என் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. நான் பணிபுரியும் நிறுவனம் கடந்த மூன்று மாதங்களாகச் சம்பளத்தை 7-ஆம் தேதி வழங்குகிறது. என் சம்பளத்தில் மாற்றம் இல்லை. தேதி வேறுபாட்டால் கடந்த மாதம் 3-ஆம் தேதி தவணை திரும்பியது. 7-ஆம் தேதி சம்பளம் வந்த அன்றே அதைக் கட்டணங்களுடன் செலுத்திவிட்டேன். தற்போது பாக்கி எதுவும் இல்லை.

எனவே, வரும் மாதம் முதல் தவணைத் தேதியை 10-ஆக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவணைத் தொகையிலும் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையிலும் மாற்றம் கோரவில்லை. முதல் மாதத்துக்கான இடைக்கால வட்டியைத் தனியாகச் செலுத்தவும், தேவையானால் புதிய நாச் மேண்டேட் தரவும் சம்மதிக்கிறேன். மாற்றம் செய்தபின் திருத்திய தவணை அட்டவணையை அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

இணைப்பு: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பள வரவு குறிக்கப்பட்ட கணக்கு அறிக்கை, சம்பளத் தேதி மாற்றம் பற்றி நிறுவனம் தந்த கடிதம்."

கடிதம் கொடுக்கும் நேரமும் கணக்கில் வரும். தவணைக்கான பற்றுக் கோரிக்கை சில நாட்களுக்கு முன்பே தயாராகிவிடும் என்பதால் 1-ஆம் தேதி கொடுத்த கடிதம் 3-ஆம் தேதிப் பற்றை நிறுத்தாது. இந்த மாதத் தவணையைக் கட்டி முடித்த கையோடு கொடுப்பதே நல்லது. எழுத்தில் உறுதி வரும்வரை பழைய தேதிக்கும் பணம் இருக்க வேண்டும். புதிய அட்டவணை வந்ததும் தேதி 10 என்றும், தவணை 8,203 என்றும், மீதி எண்ணிக்கை சரியாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மேண்டேட் ஒரு குறிப்பிட்ட மாதத்தின் 3-ஆம் தேதியோடு முடிவதாக இருந்தால், கடைசித் தவணை அதற்கு வெளியே விழும். அதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மாற்றம் நடந்த முதல் மாதத்தில் 3, 10 இரண்டு நாளும் பணம் எடுக்கப்படவில்லையே என்று கணக்கைப் பார்ப்பது அவசியம்.

கிரெடிட் கார்டு விஷயம் இதிலிருந்து மாறுபட்டது. அங்கே கட்டவேண்டிய தேதி தனியாக நிற்பதில்லை. பில் போடும் தேதியிலிருந்து பொதுவாக 18 அல்லது 20 நாள் தள்ளி வருகிறது. 15-ஆம் தேதி பில் போட்டால் அடுத்த மாதம் 5-ஆம் தேதி வாக்கில் கட்ட வேண்டும். அதை 12-ஆம் தேதி வாக்கில் கொண்டுவர, பில் தேதியை 22-க்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். "கடைசித் தேதியை மாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால், இந்த மாதம் மட்டும் அவகாசம் கேட்பதாக எடுத்துக்கொள்ளப்படும். மாற்றிய முதல் பில் வழக்கத்தைவிட நீண்ட அல்லது குறுகிய காலத்துக்கானதாக வரும் என்பதால், அந்த மாதத் தொகை வித்தியாசமாக இருக்கும்.

இன்னொரு வேறுபாடு, உரிமை. பில் சுழற்சியை ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கிரெடிட் கார்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைக் குறைந்தது ஒருமுறையாவது என்று திருத்தி, உதவி எண், மின்னஞ்சல், இணைய வங்கி, செயலி போன்ற வழிகளிலும் கேட்கலாம் என்றது. ஆகவே கார்டுக்கான கடிதத்தில் கெஞ்சல் வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி பில் சுழற்சியை மாற்றக் கோருகிறேன் என்ற ஒரு வரி போதும். கடன் தவணைக்கு அப்படிப்பட்ட உரிமை இல்லை. அங்கே முடிவு கடன் கொடுத்தவருடையது; பாக்கி நிற்கும் கணக்கென்றால் மறுக்கவும் செய்யலாம்.

30 நாட்களில் பதிலே வராவிட்டாலோ, கார்டுக்கான கோரிக்கை காரணமின்றி மறுக்கப்பட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். அந்தப் புகாருக்கு முதலில் வங்கியிடம் எழுதியதற்கான ஆதாரம் வேண்டும். எனவே கடிதத்தை நேரில் கொடுப்பவர்கள் நகலில் கிளையின் முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்புபவர்கள் பதிலாக வரும் கோரிக்கை எண்ணைக் குறித்துவையுங்கள்.