கோடு எந்த ஆண்டில் தொடங்குகிறது?

பூமி சூடாவது 1998-லேயே நின்றுவிட்டது என்று ஒரு வாதம் பல நாடுகளில் பல ஆண்டுகள் ஓடியது. அதற்கு ஆதாரமாக ஒரு வரைபடத்தையும் காட்டினார்கள். அதிலிருந்த எண்கள் பொய்யில்லை. அன்றைய எண்களை வைத்து 1998 முதல் 2012 வரை மட்டும் வரைந்தால் கோடு கிட்டத்தட்டப் படுத்துத்தான் கிடந்தது.

எக்செல் தெரிந்த எவரும் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 1880 முதலான உலக வெப்பநிலைக் கணக்கை நாசா இலவசமாகத் தருகிறது. 1951–1980 சராசரியைவிட ஒவ்வோர் ஆண்டும் எத்தனை டிகிரி கூடியது, குறைந்தது என்பதே அதிலுள்ள எண். முதல் வரிசையில் தலைப்பு வைத்து, A பத்தியில் ஆண்டையும் B பத்தியில் அந்த எண்ணையும் ஒட்டி, ஸ்கேட்டர் சார்ட் வரைய வேண்டும். பத்தாண்டுக்கு எவ்வளவு ஏற்றம் என்பதை இந்த இரண்டு வரிகள் சொல்லும்; முதலாவது 1951–2012, அடுத்தது 1998–2012.

```
=SLOPE(B73:B134,A73:A134)*10
=SLOPE(B120:B134,A120:A134)*10
```

பைத்தானில் `numpy.polyfit` இதே வேலையைச் செய்யும்.

ஐ.பி.சி.சி. 2013-இல் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டையும் அருகருகே வைத்தது. 1951 முதல் கணக்கிட்டால் பத்தாண்டுக்கு 0.12 டிகிரி ஏற்றம். 1998 முதல் என்றால் 0.05 மட்டுமே. (பின்னர் திருத்தப்பட்ட நாசா எண்களில் விடை மாறும்; இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.) 1997-98-இல் வலுவான எல் நினோ வந்து பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாகியிருந்தது. அந்த உச்சியில் கோட்டைத் தொடங்கினால், பின்னால் வரும் ஏற்றம் சின்னதாகத்தானே தெரியும்? அதே 15 ஆண்டு நீளத்தை 1996-இல் தொடங்கினால் ஏற்றம் 0.14 டிகிரி. தொடக்கத்தை இரண்டே ஆண்டு நகர்த்தியதில் விடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. ஓரிரு ஆண்டு நகர்த்தினாலே இப்படித் துள்ளும் சாய்வை நம்பி முடிவு சொல்லக்கூடாது.

அறிக்கை இன்னொன்றும் செய்தது. 0.05 என்ற எண்ணோடு அதன் வீச்சையும் தந்தது: −0.05 முதல் +0.15 வரை. இந்த வீச்சுக்குள் பூஜ்யமும் இருக்கிறது, பழைய 0.12-ம் இருக்கிறது. ஆக, சூடாவது நின்றுவிட்டது என்று இந்த 15 ஆண்டை வைத்துச் சொல்ல முடியாது. பழைய வேகத்திலேயே போகிறது என்றும் சொல்ல முடியாது. எக்செல் ட்ரெண்ட்லைன் இந்த வீச்சைக் காட்டுவதில்லை. வரைபவர் இதில்தான் ஏமாறுகிறார்.

படத்துக்குக் கீழே நேர்மையாக எழுதுவதானால் இப்படி எழுதலாம்: “1951–2012 காலத்தில் பத்தாண்டுக்குச் சுமார் 0.12 டிகிரி வீதம் வெப்பம் கூடியது. 1998-க்குப் பின் வேகம் குறைந்ததுபோல் தெரிகிறது. ஆனால் 1998 எல் நினோ ஆண்டு, 15 ஆண்டு குறுகிய காலம்.” காலம், வேகம், ஐயம் மூன்றும் இதில் இருக்கின்றன. “நின்றுவிட்டது” என்ற சொல்லில் மூன்றும் இல்லை.

பின்னர் 2014, 2015, 2016 என மூன்று ஆண்டுகளும் அடுத்தடுத்து நாசாவின் சாதனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 1880-க்குப் பிறகு 2024 வரையிலான பதிவில் மிகச் சூடான ஆண்டு 2024.