ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

என் பாட்டி 2024-இல் காலமானார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. 2025-இல் மீண்டும் கொண்டாடலாம் என்றபோதுதான், எதை எப்போது வாங்குவது, எதை எப்போது செய்வது என்ற கணக்கு முழுவதும் பாட்டியின் தலைக்குள்ளேயே இருந்தது என்பது எங்களுக்கு உறைத்தது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. தம்பிக்கு எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பு என்னிடம் வந்தது. நானோ வார இறுதியில் மட்டும் விடுதியிலிருந்து கிள்ளானுக்கு வருபவள்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஆனால், முந்தின நாள் மாலையே முன்னோர்க்குப் படையல் போடுவது எங்கள் வழக்கம். பாட்டியின் படத்துக்கு முதன்முதலாகப் படைக்கும்போது கூடம் அரைகுறையாக இருக்கக் கூடாது. எனவே உண்மையான கெடு 19-ஆம் தேதி மாலை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினேன். செப்டம்பர் 21, 28, அக்டோபர் 5, 12, 19 என ஐந்து ஞாயிறுகள் கிடைத்தன.

பொருட்பட்டியலைக் கடைவாரியாக எழுதாமல் வாரவாரியாக எழுதினேன். காத்திருக்க வேண்டியவை முதலில், வாடிப்போகக் கூடியவை கடைசியில். ஒவ்வொரு ஞாயிறு இரவும் விடுதிக்குக் கிளம்புமுன் பட்டியலைச் சரிபார்ப்பேன். வாங்கியாயிற்றா என்று மட்டும் கேட்டால் போதாது. எடுத்துப் பார்த்தோமா, சரியாக இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

முதல் ஞாயிறு புதிதாக எதுவும் வாங்கவில்லை. பழைய பெட்டிகளை இறக்கி, மின்விளக்குச் சரங்களை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்தோம். மூன்றில் ஒன்று பாதிதான் எரிந்தது. பட்டியலில் ஒரு சரம் ஏறியது. திரைச்சீலைக்கு அளவெடுத்தோம். கம்பி ஐந்தடி என்றால் துணியின் அகலம் பத்தடி வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு விழாது, போர்வையைத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். மறுவாரமே துணி தையற்காரரிடம் போய்விட்டது. பண்டிகை உடுப்புகள் குவியத் தொடங்கினால் திரைச்சீலையை யார் தைப்பார்?

சாயம் பூசுவதற்கு அக்டோபர் 5-ஐக் கெடுவாக வைத்தேன். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் மாலைதோறும் மழை. காற்றில் ஈரம் இருந்தால் முதல் பூச்சு காய நேரமாகும். காயுமுன் அடுத்த பூச்சைப் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும். கெடுவுக்குள் படம் மாட்டும் சுவர் மட்டுமே முடிந்தது. மற்றச் சுவரை விட்டுவிட்டோம். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதே ஞாயிறு கோல அரிசி வேலை. கார் நிறுத்தும் கூரையின்கீழ் நான்கடி விட்டத்தில் வட்டக் கோலம் போடத் திட்டம். அதன் பரப்பு ஏறத்தாழ பன்னிரண்டரைச் சதுர அடி. ஒரு சதுர அடிக்குக் கால் கிலோ அரிசி பிடித்தது. ஆக மூன்று கிலோவுக்குச் சற்று மேல். சிந்துவதையும் சேர்த்து மூன்றரைக் கிலோ நொய்யரிசி வாங்கினேன். சாயத்தைக் கொஞ்சமே தண்ணீரில் கரைத்துப் பிசறி, செய்தித்தாளில் மெல்லியதாகப் பரப்பி, நிழலில் உலர்த்த வேண்டும். சிவப்புக்கு மட்டும் தண்ணீர் கூடிவிட்டது. பேருந்துக்கு நேரமாகிறதே என்று அரைஈரத்திலேயே பையில் கட்டிவிட்டுப் போனேன்.

12-ஆம் தேதி பையைப் பிரித்ததும் புளித்த வாடை. அரிசி கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது.

"பாட்டி இருந்திருந்தா தலையில குட்டியிருப்பாங்க, அக்கா," என்றான் தம்பி.

ஆனால், கையில் இன்னும் ஒரு வாரம் இருந்தது. சிவப்பை மட்டும் மறுபடி செய்து, மின்விசிறியின்கீழ் இரவு முழுக்கப் பரப்பி வைத்தோம். காய்ந்துவிட்டதா என்பதை அறிய விரலிடையே தேய்த்துப் பார்த்தால் போதும். விரலில் சாயம் ஒட்டக் கூடாது. திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் போகுமுன்தான் பையைக் கட்டினேன். பண்டிகைக்கு முந்தின இரவு பிரித்திருந்தால் கோலத்தில் சிவப்பே இருந்திருக்காது.

கடைசி வாரத்துப் பட்டியல் சிறியது. புது அகல் விளக்குகளைச் சனிக்கிழமை தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினோம். இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்துவிடும். தெங்கு கிள்ளானா சாலையில் முன்பே சொல்லிவைத்திருந்த மல்லிகையை ஞாயிறு காலை வாங்கி வந்தேன். மாவிலையைப் பிற்பகலில்தான் பறித்துக் கட்டினோம். முதல் நாளே கட்டினால் பண்டிகையன்று காலையில் ஓரம் சுருண்டு தொங்கும்.

ஆறரை மணிக்குப் படையல் போட்டோம். அம்மா புதுச் சுவரைப் பார்த்தார், பூசாத சுவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலைக் கிழிக்காமல், மிஞ்சிய அரிசியோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். "சிவப்புக்குத் தண்ணீர் குறைவு" என்று ஓரத்தில் தம்பி எழுதியிருக்கிறான்.