ஓலைப்பெட்டிக்கு யார் விலை வைப்பது?

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பனங்காடுகளில் ஓலைப்பெட்டி முடைந்த பெண்களுக்கு விலை ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. ஓலை சொந்தப் பனையிலோ பக்கத்து விளையிலோ கிடைத்தது. ஆளும் வீட்டு ஆள்தான். கருப்பட்டி அடைக்க, அரிசி அளக்க, சீர் கொண்டுபோக எனப் பெட்டி எல்லா வீட்டுக்கும் வேண்டியிருந்தது. சந்தையில் பக்கத்துக் கடைக்காரி என்ன விலை சொன்னாளோ, அதையொட்டியே இவளும் சொன்னாள். நூறு நூறாக எடுக்கும் வியாபாரி அதிலும் குறைத்துக் கேட்டார். இன்றைய வணிகப் பாடத்தில் போட்டியாளரைப் பார்த்து விலை வைப்பது என்று சொல்வார்களே, அதேதான். வேறு வழி இருப்பதாகவே யாருக்கும் தோன்றவில்லை.

செட்டிநாட்டுக் கொட்டான் இதற்கு நேர் எதிர். ஆச்சிமார் தங்கள் வீட்டு விசேஷங்களுக்காகத் தாங்களே முடைந்து, மணி கோத்து, துணி வைத்துத் தைத்த பொருள் அது. பல நாள் உழைப்பு. ஆனால் விற்பதற்காகச் செய்யவில்லை என்பதால் விலையே கிடையாது. ஆக, ஒரே ஓலை ஓரிடத்தில் விலையில்லாத பொருளாகவும் இன்னோரிடத்தில் மிகக் குறைந்த விலைப் பொருளாகவும் இருந்தது. இரண்டு இடத்திலும் முடைபவளின் நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இன்று அந்த நேரத்தில்தான் கணக்கே தொடங்குகிறது. பனையேற ஆள் கிடைப்பதில்லை, குருத்தோலையைக் காசு கொடுத்துக் கட்டாக வாங்க வேண்டும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு, கல்யாண வீடுகளும் பரிசுப் பொருள் கடைகளும் ஓலையைத் திரும்பிப் பார்க்கின்றன. புதிதாக ஒரு மூடிப்பெட்டியை வடிவமைத்து விற்க வரும் பெண் முதலில் செய்வது அடக்கவிலை போட்டு அதன்மேல் லாபம் சேர்ப்பது. நல்ல பழக்கம்தான், முழுமையாகப் போட்டால்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஓலை, சாயம், நூல் எல்லாம் சேர்த்து 30 ரூபாய். முடைய இரண்டரை மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 150. மொத்தம் 180. பத்தில் ஒன்று கோணலாகவோ சாயம் திட்டாகவோ போய்விடும். அந்த நஷ்டத்தை நல்ல பெட்டிகள்தான் சுமக்க வேண்டும், ஆகவே 200. அட்டைப்பெட்டி, போக்குவரத்து, படம் எடுக்கும் செலவு 25. அடக்கம் 225. இருபது சதவீத லாபம் வைத்தால் 270.

சென்னையில் ஒரு கடை, விற்ற விலையில் நாற்பது சதவீதம் தனக்கு என்கிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். 270-உடன் அதன் நாற்பது சதவீதமான 108-ஐக் கூட்டி 378 என்று சீட்டு ஒட்டுவார்கள். கடை எடுப்பதோ 378-இல் நாற்பது சதவீதம், ஏறக்குறைய 151 ரூபாய். கைக்கு வருவது 227. அடக்கம் 225 போக, பெட்டிக்கு இரண்டு ரூபாய்தான் லாபம். மாதம் முழுக்க விற்பனை நடந்தும் பணம் சேரவில்லையே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. 270 கைக்கு வர வேண்டுமானால் அதை 0.6-ஆல் வகுக்க வேண்டும், விலை 450. நேரில் விற்கும்போதும் அதே 450-தான் சொல்ல வேண்டும். கண்காட்சியில் 270-க்குக் கொடுப்பது தெரிந்தால் கடைக்காரர் அடுத்த சரக்கை எடுக்க மாட்டார்.

இனிப் போட்டியாளர். இணையத்தில் அதே அளவு ஓலைப்பெட்டி 300 ரூபாய்க்குத் தெரிகிறது. அந்த விலைக்கு அது விற்கிறதா, வெறுமனே கிடக்கிறதா என்பது தெரியாது. பொழுதுபோக்குக்காக முடைபவர் தன் கூலியைச் சேர்த்திருக்கவே மாட்டார். அதைப் பார்த்து நம் விலையைக் குறைப்பது, பழைய சந்தைக்கே மறுபடி போய் உட்காருவதுதான். என் அனுபவத்தில் போட்டி விலையால் ஒரே ஒரு நன்மை உண்டு: வாங்குபவர் நம் பெட்டியை எதோடு ஒப்பிடுகிறார் என்று காட்டும். அவர் ஒப்பிடுவது இன்னொரு ஓலைப்பெட்டியோடு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் இல்லை. பட்டுப்புடவையை வைத்துக் கொடுக்க வாங்குபவர் நல்ல மரப்பெட்டியோடு ஒப்பிடுவார், அவருக்கு 600 ரூபாயும் உறுத்தாது. கிரகப்பிரவேசத்துக்கு இருநூறு பேருக்குக் கொடுக்க வந்தவர் எவர்சில்வர் டப்பாவோடு ஒப்பிடுவார், 120-ஐத் தாண்ட மாட்டார்.

ஒரே பெட்டி, இரண்டு மதிப்பு. மதிப்பைப் பார்த்து விலை வைப்பது என்பது இந்த வேறுபாட்டைப் பிடிப்பதுதான். “வாங்குவீர்களா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அது பயன்படாது. ஒரு கண்காட்சியில் 450, அதே மாதிரிக் கூட்டம் வரும் அடுத்ததில் 600 என்று வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் இருபதும் பிறகு பதினான்கும் விற்றன என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் போக முதலாவதில் 4,500, இரண்டாவதில் 5,250. ஆறு பெட்டி குறைவாக முடைந்ததில் பதினைந்து மணி நேரமும் மிச்சம். அந்தக் கூட்டத்துக்கு 600-தான் சரி. யாருமே பேரம் பேசாமல் எடுத்துப் போனால் அதுவும் ஒரு தகவல்: விலை குறைவாக இருக்கிறது.

120 ரூபாய்க்காரரை என்ன செய்வது? மூடிப்பெட்டியை அவருக்குக் குறைத்துக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் நஷ்டம். இங்கேதான் பழைய வழக்கம் தலைகீழாகிறது. அன்று பெட்டி முடித்த பிறகு விலை பிறந்தது. இன்று 120 என்ற விலையிலிருந்து பின்னால் நடந்து வந்து பெட்டியைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. லாபம் போக அடக்கம் 100-க்குள் நிற்க வேண்டும். கட்டி அனுப்ப 10. மீதி 90-இல் சேதாரம் கழிய 81. ஓலையும் சாயமும் 16. கூலிக்கு 65 ரூபாய். கூலி விகிதத்தில் கை வைக்கக் கூடாது. அப்படியானால் ஒரு மணி ஐந்து நிமிடத்தில் முடியும் பெட்டி வேண்டும்.

மூடியை எடுத்துவிடலாம், மூடியில்லாத கொட்டான் போதும். அதைவிடப் பெரிய மிச்சம் ஓலைக்கீற்றின் அகலத்தில் இருக்கிறது. கீற்றை இருமடங்கு அகலமாக வார்ந்தால் குறுக்கிலும் நெடுக்கிலும் கீற்றுகள் பாதியாகும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கும் இடங்கள் கால்வாசியாகிவிடும். நுணுக்கம் போய்விடும் என்று கை தேர்ந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், உண்மைதான். அந்த நுணுக்கத்துக்குக் காசு கொடுப்பவர் 600 ரூபாய்க் கூட்டத்தில் இருக்கிறார்.

விலை ஒத்துப்போன பிறகும் முன்பணம் வாங்குவதற்கு முன் இன்னொரு கணக்கு உண்டு. சேதாரம் போக இருநூறு நல்ல கொட்டான் தேற 222-ஆவது முடைய வேண்டும், ஏறத்தாழ 241 மணி நேரம். ஐந்து பேர் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு நாள். ஓலை காயும் நாள்கள் தனி. ஐப்பசி முகூர்த்தமென்றால் மழை வேறு. ஈரம் முழுதும் போகாத ஓலையில் கரும்புள்ளி பூத்துவிடும், பத்தில் ஒன்று என்ற சேதாரம் பத்தில் மூன்றுக்குப் போனாலும் போகும். மாசியில் போட்ட அடக்கம் அப்போது செல்லாது. அந்த 81 ரூபாய்ப் பெட்டி அப்போது 116 ஆகிவிடும், கட்டும் செலவைச் சேர்க்கும் முன்பே. அதனால் ஐப்பசிக்குத் தனி விலை எழுதுகிறார்கள், இல்லையென்றால் ஓலையை ஆவணியிலேயே காயவைத்து மூட்டை கட்டிவிடுகிறார்கள்.