புது ரவுட்டர், பழைய டிவி, தூரத்துப் பேத்தி

ரவுட்டரை மாற்ற வருகிறவர் வீட்டிலுள்ள செல்போனைப் புது வைஃபையில் சேர்த்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். டிவி ஞாபகம் யாருக்கும் வராது. சாயங்காலம் யூடியூபைத் திறந்தால் இணைப்பு இல்லை என்று வரும். டிவி கெட்டுப்போகவில்லை. பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அது மனப்பாடமாக வைத்திருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது சிக்னல் இல்லாததால் தேடிக்கொண்டே இருக்கிறது. புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை கொடுத்தால் போதும். கொடுக்க வேண்டியவர் கும்பகோணத்தில் தனியாக இருக்கும் தாத்தா, சொல்லித்தர வேண்டியவள் மெல்பர்னில் இருக்கும் பேத்தி என்றால்தான் சிக்கல்.

வீடியோ கால் வந்ததும் பேத்தி டிவியைப் பற்றிப் பேசவே கூடாது. "தாத்தா, போனில் மேலே விசிறி மாதிரி வைஃபை அடையாளம் தெரியுதா?" என்பதுதான் முதல் கேள்வி. அடையாளம் இருந்து, அதிலேயே காலும் ஓடினால் ரவுட்டரும் இணைய லைனும் சரி. கோளாறு டிவியின் இணைப்பில் மட்டுமே. மாறாக, கால் மொபைல் டேட்டாவில் ஓடுகிறது, ஃபைபர் பெட்டியில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால், கம்பியிலேயே சிக்னல் வரவில்லை. டிவியில் எதை அழுத்தினாலும் பயனில்லை. இணைப்புக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்தது கண்ணுக்கான ஏற்பாடு. தாத்தாவின் முகத்தைக் காட்டும் கேமராவைப் பின்பக்கத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இருட்டறையில் டிவி திரை வெறும் வெள்ளையாகத் தெரியும், அதனால் டியூப்லைட் எரியட்டும். ஒரு கையில் போன், மறு கையில் ரிமோட் என்றால் இரண்டும் ஆடும். ஸ்டூலின் மேல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போனைச் சாய்த்து, டிவியின் நான்கு மூலையும் தெரிகிற தூரத்தில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாஸ்வேர்டை வாயால் படிக்கச் சொல்வதைவிட, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. அதில் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்கும். ஒன்று ரவுட்டரின் உள் அமைப்புக்குள் நுழைய. அதன் பக்கத்தில் 192.168.1.1 போன்ற எண் இருக்கும். நமக்கு வேண்டியது வைஃபை பெயருக்குக் கீழே இருப்பது. பூஜ்யமா, ஓ எழுத்தா என்ற சந்தேகமும் போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தால் தீரும். வந்தவர் பாஸ்வேர்டை மாற்றி வைத்திருந்தால் ஸ்டிக்கர் உதவாது. அவரிடமே கேட்க வேண்டும்.

இனி டிவி. ரிமோட்டில் பல்சக்கர அடையாளத்தை அழுத்தி Settings, அதற்குள் Network. "நான் சொன்னதும் ஒரே ஒரு தடவை அழுத்துங்க. இப்போ எந்த வரி பளிச்சுனு இருக்கு?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டால்தான் தாத்தா இரண்டு வரி தாண்டிப் போக மாட்டார்.

இந்த வீட்டுப் போனில் Home, Home_5G என்று இரண்டு பெயர்கள் தெரிந்தன. டிவியில் முதலாவது மட்டும்தான். "இன்னொண்ணைக் காணோமேம்மா" என்றார் தாத்தா. ஒரே ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் சிக்னல் அனுப்புகிறது. பழைய டிவிகளும் விலை குறைந்த டிவிகளும் பலவற்றில் முதலாவதை மட்டுமே பிடிக்கும். அதனால் நட்டமில்லை; 2.4 சுவர் தாண்டி நன்றாகவே போகும், படம் பார்க்க அந்த வேகம் போதும்.

திரையில் வரும் விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கு மாற்ற ஒரு அம்புக்குறி இருக்கும். பாஸ்வேர்டு புள்ளிகளாக மறைந்தால், அதைக் காட்டும் வசதி பல டிவிகளில் உண்டு. முதலிலேயே அதைப் போட்டுவிட்டால் எந்த எழுத்து தவறியது என்று பேத்திக்குத் தெரியும். எல்லா எழுத்தும் சரியாக இருந்தும் டிவி ஏற்கவில்லை என்றால், ரவுட்டர் WPA3 என்ற புதுப் பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்கலாம். பழைய டிவிகளுக்கு அது புரியாது. ரவுட்டரில் WPA2-வையும் அனுமதிக்க வேண்டும். இதைத் தாத்தாவிடம் செய்யச் சொல்லாமல், இணைப்புக்காரரிடம் சொல்லிவிடுவதே மேல்.

இவ்வளவையும் தவிர்க்க ஒரு வழி உண்டு. புது ரவுட்டர் பொருத்தும்போதே, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் அதற்கு வைக்கச் சொல்லலாம். பாதுகாப்பு முறையும் ஒத்துப்போனால் டிவி பழைய வீடுதான் என்று நினைத்துத் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்தப் பழைய பாஸ்வேர்டு தெருவுக்கே தெரியும் என்றால் புதிதாக ஒன்று வைத்துவிட்டு, பேத்தியைக் கூப்பிடுவதுதான் சரி.